கைக்கடிகாரக் கண்ணாடிகள் மூன்று: கீறலும் பழுதுச் செலவும்

கைக்கடிகாரத்தின் முகத்தை மூடி நிற்கும் ஒளி ஊடுருவும் தகட்டைக் கண்ணாடி என்றே எல்லோரும் வழங்குவர். ஆயினும் அது உண்மையில் கண்ணாடியாகவே இருக்கவேண்டும் என்பதில்லை. இன்று உபயோகத்திலுள்ள கடிகாரங்களில் மூன்று வேறுபட்ட பொருள்கள் இவ்வேலையைச் செய்கின்றன. முதலாவது அக்ரிலிக் என்னும் பிளாஸ்டிக். இரண்டாவது மினரல் கண்ணாடி எனக் கடைக்காரர்கள் கூறும் உண்மைக் கண்ணாடி. மூன்றாவது ஸபையர், அதாவது செயற்கை முறையில் தயாரிக்கப்பட்ட நீலக்கல். இம்மூன்றும் புதிதாயிருக்கும்போது பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே தோன்றும். ஓராண்டு கழிந்தபின் அவற்றின் வேற்றுமை தானே வெளிப்படும். வெயிலிலும் புழுதியிலும் சுற்றித் திரியவேண்டிய ஊழியர்களின் கடிகாரங்களில் அது இன்னும் விரைவில் வெளிப்படும்.

கடிகாரத்தின் கண்ணாடியைக் கீறுவது எது என்ற கேள்வியை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுதல் நல்லது. சாவிக்கொத்து, மேசை விளிம்பு, சட்டைப் பொத்தான் என்று பலரும் பல பொருள்களைக் கூறுவர். இவையெல்லாம் அக்ரிலிக்கைக் கீறும் என்பது உண்மையே. ஆனால் மினரல் கண்ணாடியை நாள்தோறும் கெடுத்துவரும் பொருள் இவற்றில் எதுவுமன்று. அது சாதாரணப் புழுதியே. புழுதியில் மண்ணும் சாம்பலும் நூலிழைகளும் கலந்திருந்தாலும், கண்ணாடியைப் பொறுத்தமட்டில் அதில் முக்கியமானது மணல் துகள். மணலின் பெரும்பகுதி குவார்ட்ஸ் என்னும் படிகக்கல்லாகும். இந்தப் படிகக்கல்லின் கடினத்தன்மை எத்தனை என்பதை அறிந்தால், மூன்று வகைக் கண்ணாடிகளின் கதையில் பாதி விளங்கிவிடும்.

கடினத்தன்மையின் படிவரிசை

பிரெடெரிக் மோஸ் என்னும் ஜெர்மானியக் கனிமவியலார் 1812-ஆம் ஆண்டில் ஓர் எளிய வரிசையை வகுத்தார். பத்துக் கனிமங்களை எடுத்துக்கொண்டு, ஒன்றை மற்றொன்றால் கீறிப்பார்த்து, கீறப்படுவதைக் கீழேயும் கீறுவதை மேலேயும் அவர் வைத்தார். மிக மிருதுவான மாக்கல்லுக்கு எண் 1, வைரத்துக்கு 10. சுண்ணாம்புக்கல்லில் காணப்படும் கால்சைட்டுக்கு 3, படிகக்கல்லுக்கு 7, குருந்தம் என்னும் கனிமத்துக்கு 9. மேல் எண்ணுடைய பொருள் கீழ் எண்ணுடைய பொருளைக் கீறும். கீழ் எண்ணுடையது மேலுள்ளதைக் கீறாது. இவ்வரிசையின் பொருள் இவ்வளவே.

இவ்வரிசையில் அக்ரிலிக் ஏறக்குறைய 3 என்ற இடத்தில் நிற்கிறது. மினரல் கண்ணாடி ஐந்தரை முதல் ஆறு வரை. ஸபையர் 9. படிகக்கல் துகள் நிற்பதோ 7-இல். ஆகவே மணல் துகள் ஒன்று அக்ரிலிக்கையும் கீறும், மினரல் கண்ணாடியையும் கீறும். ஸபையரை மட்டும் கீறமுடியாது. மினரல் கண்ணாடிக்கும் ஸபையருக்கும் இடையில் படிகக்கல் ஒரு வேலியைப்போல் அமைந்திருப்பதே இவ்விரண்டின் வாழ்நாளிலும் காணப்படும் பெரும் வேற்றுமைக்குக் காரணம்.

இங்கு ஓர் எச்சரிக்கை அவசியம். மோஸ் வரிசையின் எண்கள் வெறும் வரிசை எண்களே. அளவு எண்கள் அல்ல. வகுப்பில் முதலாம் இடம் பெற்ற மாணவனுக்கும் இரண்டாம் இடம் பெற்றவனுக்கும் இடையே ஒரு மதிப்பெண் வேற்றுமையும் இருக்கலாம், நாற்பது மதிப்பெண் வேற்றுமையும் இருக்கலாம். அதுபோல 6-க்கும் 9-க்கும் இடையிலுள்ள வேற்றுமையை ஒன்றரை மடங்கு என்று கொள்வது தவறு. வைரமுனையொன்றைக் குறிப்பிட்ட பளுவுடன் அழுத்தி, விழும் தடத்தை அளக்கும் நூப் என்னும் முறைப்படி பார்த்தால் சாதாரணக் கண்ணாடி ஏறக்குறைய 500, படிகக்கல் 800, ஸபையர் 2000 என்ற அளவில் வருகின்றன. கண்ணாடியைவிட ஸபையர் நான்கு மடங்கு கடினம் என்று சொல்வது இந்தக் கணக்கைக்கொண்டேயாகும்.

பள்ளியில் இதைச் செய்துகாட்டுவது எளிது. கடிகாரம் பழுதுபார்ப்பவரிடம் கழித்துப்போட்ட அக்ரிலிக் கண்ணாடி ஒன்றும் மினரல் கண்ணாடி ஒன்றும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். ஒவ்வொன்றின்மேலும் ஒரு சிட்டிகை ஆற்றுமணலை வைத்து, ஈரமில்லாத துணியால் மெதுவாகப் பத்து முறை தேய்த்துப் பூதக்கண்ணாடியில் பார்க்கவேண்டும். அக்ரிலிக்கில் தடங்கள் அகலமாகவும் ஓரங்கள் மழுங்கியும் இருக்கும். மினரல் கண்ணாடியில் மெல்லிய கூரிய கோடுகளும், அவற்றின் ஓரத்தில் சிறு சிறு சில்லுகள் பெயர்ந்த இடங்களும் காணும். அடுத்து மணலுக்குப் பதிலாகச் சுண்ணக்கட்டித் தூளை வைத்துத் தேய்த்தால் மினரல் கண்ணாடிக்கு ஒன்றும் நேராது. மணலைக் கையாளும் பிள்ளைகள் கண்களைக் கசக்காமலும், உடைந்த கண்ணாடியைத் தொடாமலும் பார்த்துக்கொள்ளுதல் வேண்டும்.

இந்தச் சோதனையிலிருந்து நடைமுறைக்குரிய உண்மை ஒன்றும் கிடைக்கிறது. புழுதி படிந்த கடிகாரத்தை வேட்டி முனையாலோ கைக்குட்டையாலோ அழுத்தித் துடைப்பதுதான் கண்ணாடிக்குச் செய்யும் பெருந்தீங்கு. தானே படிந்து கிடக்கும் துகள் எதையும் கீறுவதில்லை. அழுத்தி இழுக்கப்படும் துகளே கீறுகிறது. முதலில் வாயால் ஊதியோ, நீர் புகாத கடிகாரமாயின் தண்ணீரில் அலசியோ துகளை நீக்கிய பின்னரே துடைக்கவேண்டும்.

மூன்று பொருள்களின் பிறப்பு

அக்ரிலிக் என்பது 1930-ஆம் ஆண்டுகளில் ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் தொழில்முறையில் தயாரிக்கப்பட்ட பிளாஸ்டிக். பிளெக்ஸிகிளாஸ், பெர்ஸ்பெக்ஸ் என்ற வியாபாரப் பெயர்கள் இதற்கே உரியவை. இது கண்ணாடியில் பாதி எடைகூட இல்லை, வளையும், உடைந்தாலும் பொடிப்பொடியாகச் சிதறுவதில்லை. பெங்களூரில் 1961-இல் ஜப்பானிய சிட்டிசன் கம்பெனியின் தொழில்நுட்ப உதவியுடன் தொடங்கப்பெற்ற இந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் கடிகாரத் தொழிற்சாலையின் ஜனதா கடிகாரம் அக்ரிலிக் கண்ணாடி பொருத்தப்பட்டதே. அக்கடிகாரங்களின் உற்பத்தி 2016-இல் மூடப்பட்டுவிட்டது. எனினும் தந்தையிடமிருந்து மகனுக்கு வந்த ஜனதா கடிகாரங்கள் நாடெங்கும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அமெரிக்க விண்வெளி நிர்வாகம் 1965-இல் தன் விண்வெளி வீரர்களுக்கெனச் சோதித்து ஏற்றுக்கொண்ட ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் கடிகாரத்திலும் அக்ரிலிக்கே இருந்தது. எடையற்ற நிலையில் கண்ணாடிச் சில்லுகள் மிதந்து கண்ணிலோ சுவாசத்திலோ புகுந்தால் பெரும் ஆபத்து என்பதை நினைத்தால், கீறலுக்கு எளிதில் ஆளாகும் இப்பொருளின் சிறப்பு புலனாகும்.

மினரல் கண்ணாடி ஜன்னல் கண்ணாடிக்கு நெருங்கிய உறவினது. மணல், சோடா, சுண்ணாம்பு ஆகியவற்றை உருக்கிச் செய்யப்படுவது. உயர்தரமானவற்றை உருகிய பொட்டாசியம் நைட்ரேட்டில் பல மணி நேரம் ஊறவைப்பர். அப்போது மேற்பரப்பிலுள்ள சோடியம் அயனிகள் வெளியேற, அளவில் பெரிய பொட்டாசியம் அயனிகள் அவற்றின் இடத்தில் நெருக்கியடித்துக்கொண்டு புகும். இந்த நெருக்கத்தால் மேற்பரப்பு இறுக்கம் பெற்று, அடியைத் தாங்கும் சக்தி அதிகரிக்கிறது. ஆனால் படிகக்கல்லைவிடக் கடினமானதாக அது ஆகிவிடுவதில்லை. விளம்பரங்களில் 'கடினமாக்கப்பட்ட கண்ணாடி' என்று படிப்பவர்கள் இதனை மனத்திற்கொள்ளவேண்டும்.

ஸபையர் என்பது அலுமினியம் ஆக்ஸைடின் படிகம்; குருந்தத்தின் ஒரு வடிவம். ஆங்கிலத்தில் கொரண்டம் என்று வழங்கும் பெயரே நம் 'குருந்தம்' என்ற சொல்லிலிருந்து சென்றது என்று ஆங்கில அகராதிகள் குறிக்கின்றன. காஷ்மீரத்தின் பாடர் பகுதியில் 1880-களின் தொடக்கத்தில் கண்டெடுக்கப்பட்ட நீலக்கற்கள் உலகப் புகழ்பெற்றவை. கடிகாரத்துக்கு வேண்டியது நிறமற்ற கல்லாதலின், இயற்கைக் கல் இதற்கு வேண்டியதில்லை. பிரெஞ்சு இரசாயன அறிஞர் வெர்னே 1902-இல் வெளியிட்ட முறைப்படி, நுண்ணிய அலுமினாத் தூளை ஆக்ஸிஜன்-ஹைட்ரஜன் சுடரின் வழியே சிறுகச் சிறுக விழச் செய்கின்றனர். ஏறக்குறைய 2050 டிகிரி சென்டிகிரேடில் உருகும் அத்தூள், சுழலும் பீடத்தின்மீது விழுந்து உறைந்து, சில மணி நேரத்தில் ஒரு படிகக் கட்டியாக வளர்கிறது. இன்று வேறு முறைகளும் உள்ளன. கட்டியை வளர்ப்பதில் அவ்வளவு செலவில்லை. அதனைத் தகடுகளாக அறுத்து, இழைத்து, மெருகிடுவதே செலவு. இவ்வேலைகளுக்குப் பெரும்பாலும் வைரத்தூளே வேண்டியிருப்பதே ஸபையரின் விலைக்குப் பெரும் காரணம்.

இப்பொருள் கடிகாரத்துக்குப் புதியதன்று என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். ஜனதா கடிகாரத்தின் டயலில் '17 ஜுவெல்ஸ்' என்று பொறிக்கப்பட்டிருக்கும். அந்த ஜுவெல்கள் சக்கரங்களின் அச்சுமுனைகளைத் தாங்கும் சிறு செயற்கைக் கெம்புக் கற்கள். கெம்பும் நீலக்கல்லும் ஒரே குருந்தந்தான். கலந்துள்ள சிறு அளவு அசுத்தப் பொருள்களே நிறத்தை மாற்றுகின்றன. எளிய கடிகாரத்தின் உள்ளே மறைந்திருக்கும் பொருள் விலையுயர்ந்த கடிகாரத்தின் முகத்தில் வந்து அமர்ந்திருக்கிறது.

கீறலை நீக்குதல்

கீறல் விழுவது வேறு, கீறலை நீக்க முடிவது வேறு. பழுதுச் செலவைத் தீர்மானிப்பது இரண்டாவதே. இங்குத்தான் அக்ரிலிக் முன்னே வருகிறது.

அக்ரிலிக்கின் கீறலை அரைமணி நேரத்தில் வீட்டிலேயே நீக்கலாம். கண்ணாடியைச் சுற்றியுள்ள உலோக வளையத்தைக் காகித நாடாவால் மூடிவிட்டு, வெண்ணிறப் பற்பசையைச் சிறிதளவு மெல்லிய பருத்தித் துணியில் எடுத்து, கீறலுக்குக் குறுக்காகவும் பின் வட்டமாகவும் தேய்க்கவேண்டும். வெண்ணிறப் பற்பசை பலவற்றில் கால்சியம் கார்பனேட்டுத் தூள் இருக்கிறது. அதன் கடினத்தன்மையும் அக்ரிலிக்கின் கடினத்தன்மையும் ஏறக்குறைய ஒன்றேயாதலின், அது புதிய கீறலை உண்டாக்காமல் கீறலின் ஓரங்களை மெல்லத் தேய்த்துச் சமப்படுத்துகிறது. கடைகளில் இதற்கென விற்கும் மெருகுப் பசை இன்னும் விரைவில் வேலை செய்யும். நகத்தால் தடவினால் தடுக்கும் அளவுக்கு ஆழமான கீறலாயின், 2000-ஆம் எண் நீர்த்தாள் கொண்டு முதலில் இழைத்து, முழுவதும் மங்கலான பின் பசையால் மெருகேற்றவேண்டும். ஓரிடத்திலேயே அழுத்தித் தேய்த்தால் உராய்வு உஷ்ணத்தால் பிளாஸ்டிக் மிருதுவாகி அலையலையாகிவிடும். ஓரத்திலிருந்து உள்நோக்கிச் செல்லும் வெடிப்புக்கு மெருகு பயனற்றது. அக்கண்ணாடியை மாற்றியே ஆகவேண்டும்.

அக்ரிலிக்குக்கு வேறொரு பகையுண்டு. அசிட்டோன் போன்ற கரைப்பான்கள் பட்டால் அது மங்கி, நுண்ணிய வெடிப்புகள் வலைபோல் பின்னிவிடும். கொசுவை விரட்டக் கையில் பூசும் திரவங்களில் பெரும்பாலானவற்றிலுள்ள டீட் என்னும் இரசாயனமும் பிளாஸ்டிக்கைக் கெடுப்பது. மலேரியாத் தடுப்பு வேலையிலும் காட்டு வேலையிலும் ஈடுபட்டுள்ளோர் இத்திரவத்தைப் பூசியபின் அதே விரலால் கடிகாரத்தைத் தொடுவது வழக்கம். இவ்வாறு கண்ணாடி மங்கிய கடிகாரத்தைக் கீறல் விழுந்ததென்று எண்ணி எத்தனை தேய்த்தும் பயனில்லாமல் போகும்.

மினரல் கண்ணாடியின் கீறலை நீக்குவது வேறு கதை. பற்பசை அதனை ஒன்றும் செய்யாது. சீரியம் ஆக்ஸைடுத் தூளை நீரில் குழைத்து, கம்பளிச் சக்கரத்தின் உதவியால் பொறுமையுடன் மெருகேற்றினால் மிக மெல்லிய கோடுகள் மறையலாம். ஆழ்ந்த கீறலை நீக்க முயன்றால் அவ்விடம் பள்ளமாகி, அதன் வழியே எழுத்துக்கள் நெளிந்து தெரியும். இந்த உழைப்புக்கு ஆகும் கூலி புதிய கண்ணாடியின் விலையைவிட அதிகமாதலின், அனுபவமுள்ள பழுதுகாரர் எவரும் இவ்வேலையை ஏற்பதில்லை.

ஸபையரைப் பொறுத்தவரை, சாதாரண மெருகுப் பசைகளால் மெருகேற்ற முடியாது. நடைமுறையில் எவரும் செய்வதுமில்லை. ஆயினும் கீறல் என்று காட்டப்படும் பல கோடுகள் உண்மையில் கீறல்களே அல்ல. இரும்புக் கதவில் கடிகாரம் உரசும்போது, மிருதுவான இரும்பே தேய்ந்து, ஸபையரின்மீது பென்சில் கோடுபோல் ஒட்டிக்கொள்கிறது. பென்சில் அழிக்கும் ரப்பரால் தேய்த்தால் அது போய்விடும். மற்றொரு வகையும் உண்டு. ஸபையர் சாதாரணக் கண்ணாடியைவிட அதிக ஒளியைப் பிரதிபலிப்பது. கண்ணாடியின் ஒரு பரப்பு ஏறக்குறைய நூற்றுக்கு 4 பங்கு ஒளியைத் திருப்பியனுப்ப, ஸபையரின் பரப்பு ஏறக்குறைய 8 பங்கைத் திருப்பியனுப்பும். இந்தக் கூச்சத்தைக் குறைக்க மெல்லிய பூச்சு இடுகின்றனர். பூச்சு ஸபையரைப்போல் கடினமானதன்று. அது வெளிப்பரப்பில் இருந்தால் கீறப்படும். விளக்கின் ஒளியில் சாய்த்துப் பார்க்கும்போது நீலநிறத் திரையில் மெல்லிய வெண்கோடுகளாகத் தெரியும். அடியிலுள்ள கல்லுக்கு யாதொரு சேதமுமில்லை. வாங்கும்போதே பூச்சு உட்புறத்தில் மட்டும் உள்ளதா என்று கேட்டறிதல் நல்லது.

ஸபையரை உண்மையாகவே கீறும் பொருள்கள் சிலவே. வைரம், சிலிகன் கார்பைடு, மற்றும் தன் இனமாகிய குருந்தம். எமரித் தாள், பட்டறைச் சாணைக்கல், நீர்த்தாள் முதலியவற்றில் இவற்றில் ஒன்று இருக்கும். ஆகவே தொழிற்கல்வி ஆசிரியர் பட்டறைக்குள் போகும்போது ஸபையர் கடிகாரத்தையும் கழற்றி வைப்பதே முறை.

உடைவும் அதன் உண்மை விலையும்

கடினமான பொருள் உடையாது என்று எண்ணுவது பொதுவான பிழை. கடினத்தன்மை என்பது கீறலை எதிர்ப்பது. அடியைத் தாங்குவது வேறு குணம். அக்ரிலிக் வளைந்து கொடுத்து அடியின் வேகத்தைத் தன்னுள் அடக்கிக்கொள்ளும். ஸபையர் சற்றும் வளையாது. சிமெண்டுத் தரையில் விளிம்பு படும்படி விழுந்தால் ஓரத்தில் சில்லு பெயரலாம், அல்லது முழுவதும் பிளக்கலாம். தடிப்பு அதிகமாயும் உலோக வளையத்துக்குள் தாழ்ந்தும் இருக்கும் கண்ணாடி இவ்வபாயத்துக்குக் குறைவாகவே உள்ளாகிறது.

கண்ணாடியோ ஸபையரோ சிதறினால் அதன் தூள் முட்களுக்கு அடியிலும் டயலின் நடுத்துவாரத்தின் வழியே இயந்திரத்துக்குள்ளும் புகுகிறது. எஃகு அச்சுமுனைகளைவிடக் கடினமானவை ஸபையர்த் துகள்கள்; எண்ணெயில் ஒட்டிக்கொண்டு அவை அச்சுகளை அராவிவிடும். ஆகையால் கண்ணாடி சிதறிய கடிகாரத்தை ஓட விடாமல், சாவியை வெளியே இழுத்து நிறுத்தி, டயல் கீழ்நோக்கும்படி கவிழ்த்துப் பழுதுகாரரிடம் கொண்டுபோகவேண்டும். கண்ணாடியை மட்டும் மாற்றித் தந்துவிடும் பழுதுகாரர் மலிவாகத் தோன்றுவார். சில வாரங்களில் கடிகாரம் நின்றபின் இயந்திரத்தைக் கழற்றிச் சுத்தம் செய்யும் செலவு தனியே வரும்.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். ராஜஸ்தானத்தின் மணற்பாங்கான பகுதியில் நில அளவை செய்யும் ஊழியர் ஒருவர் ஆறு ஆண்டுகள் ஒரே கடிகாரத்தை அணிவதாக வைத்துக்கொள்வோம். விலைகள் ஊருக்கு ஊர் மாறுமாதலால், கணக்கின் பொருட்டு அக்ரிலிக் மாற்ற 100 ரூபாய், மினரல் மாற்ற 250 ரூபாய், ஸபையர் மாற்ற 1500 ரூபாய் எனக் கொள்ளலாம். படிப்போர் தம் ஊர் விலைகளை இவ்விடங்களில் இட்டுப் பார்க்கலாம்.

அக்ரிலிக்காயின் ஆண்டுக்கு இருமுறை மெருகிட்டு, மூன்றாண்டுக்கு ஒருமுறை மாற்றினால் ஆறாண்டுச் செலவு 200 ரூபாயும் சிறிதளவு பற்பசையும். மினரல் கண்ணாடியை மெருகிட வழியில்லை. மணற்காற்றில் அதே மூன்றாண்டுக்குள் மங்கிவிடுமாதலால் இருமுறை மாற்ற 500 ரூபாய். ஸபையருக்கு மணலால் செலவேயில்லை. ஆனால் ஆறாண்டில் ஒருமுறை விழுந்து உடைந்தால் 1500 ரூபாயும், சுத்தம் செய்யும் கூலியும் சேரும். மினரலின் 500 ரூபாயுடன் ஒப்பிட்டால், கடிகாரத்தை உடைக்காமல் பதினெட்டு ஆண்டுகளுக்குமேல் காப்பாற்றுபவருக்கே ஸபையரின் கணக்கு இலாபத்தில் முடியும். அலுவலக மேசையில் அமர்ந்திருப்போருக்கு உடையும் வாய்ப்புக் குறைவு என்பது உண்மையே. ஆனால் அவரது மினரல் கண்ணாடியும் மூன்றாண்டில் மங்குவதில்லை. ஆதலின், செலவை மட்டும் நோக்கினால் ஸபையர் எவருக்கும் எளிதில் கட்டுப்படியாவதில்லை. அதன் பயன் வேறிடத்தில் உள்ளது. ஆறு ஆண்டுகளும் ஒவ்வொரு நாளும் டயல் தெளிவாகத் தெரியும். கீறல் மண்டிய கண்ணாடி வழியே உச்சிவெயிலில் நேரம் பார்த்துக் குறிப்பெழுதவேண்டியவருக்கு இது சிறிய வசதியன்று.

மாற்றும் வேலையில் கவனிக்கவேண்டியவை

கூலியில் வேற்றுமை ஏன் என்பதை மாற்றும் முறையே விளக்கும். குவிந்த அக்ரிலிக் கண்ணாடி, தான் அமரும் பள்ளத்தைவிட ஒரு மில்லிமீட்டரில் ஒன்றிரண்டு பத்திலொரு பங்கு பெரிதாகவே இருக்கும். பல நகங்களையுடைய பிடிகருவியால் அதன் ஓரத்தைச் சுற்றிலும் நெருக்கினால் குவிவு சற்றே உயர்ந்து விட்டம் குறையும். பள்ளத்தில் வைத்துக் கருவியைத் தளர்த்தினால் விரிந்து இறுகிக்கொள்ளும். பெரும்பாலான கடிகாரங்களில் இயந்திரத்தை வெளியே எடுக்கவேண்டியதேயில்லை. மினரலும் ஸபையரும் நெருக்கத்துக்கு இணங்காதவை. பின்மூடியைத் திறந்து, சாவித்தண்டை விடுவித்து, இயந்திரத்தை எடுத்தபின், பழைய கண்ணாடியை உள்ளிருந்து தள்ளி, புதிய பிளாஸ்டிக் வாஷருடன் அச்சுக்கருவியால் நேராக அழுத்தவேண்டும். சற்றுச் சாய்ந்தாலும் ஓரம் சில்லிடும்.

ஜனதா போன்ற கடிகாரத்துக்கு ஸபையர் போட்டுத் தரச் சொல்லிக் கேட்போர் உண்டு. நெருக்கிப் பொருத்தும் பள்ளத்தில் நெருங்காத பொருளை நிறுத்தப் பசையே கதியாகும். அன்றியும் குவிந்த அக்ரிலிக்கின் அடியில் முட்கள் உயர்ந்து நிற்க இடமிருக்கிறது. தட்டையான தகட்டில் அவ்விடம் இல்லை. வினாடிமுள் தகட்டின் அடியில் உரசும். கண்ணாடி மாற்றி வந்தபின் கடிகாரம் இடையிடையே நின்றாலோ, தகட்டின் உட்புறத்தில் மெல்லிய வட்டக்கோடு தெரிந்தாலோ இதுவே காரணம் எனக் கொள்ளலாம்.

பசை பற்றியும் ஒரு சொல். நொடியில் ஒட்டும் பசையைச் சிலர் இதற்குப் பயன்படுத்துகின்றனர். அதன் ஆவி கண்ணாடியின் உட்புறத்திலும் டயலிலும் வெண்பனிபோல் படிந்துவிடும். இரண்டொரு நாளில் தோன்றும் இவ்வெண்மையை நீர்க்கசிவு எனத் தவறாக எண்ணக்கூடும். நீர்த்துளியாயின் வெயிலில் வைக்க மறையும். பசையின் படிவு மறையாது.

பொருளை அடையாளம் காண்பது

விற்பவர் ஸபையர் என்று கூறுவது ஸபையர்தானா என்பதை அறியக் கடிகாரத்தைக் கீறிப்பார்ப்பது முறையன்று. அக்ரிலிக்கை அடையாளம் காண்பது எளிது: நகத்தால் தட்டினால் மந்தமான ஒலி, உதட்டில் வைத்தால் குளிர்ச்சியே தோன்றாது. மினரலையும் ஸபையரையும் பிரித்தறிவதே கடினம். நீர்த்துளி விட்டுப் பார்க்கும் சோதனை பரவலாகக் கூறப்பட்டாலும், பூச்சும் விரல் எண்ணெயும் அதனைப் பொய்யாக்கிவிடும். வெப்பத்தைக் கடத்தும் திறனே நம்பத்தக்க அடையாளம். ஸபையர் கண்ணாடியைவிட இருபது மடங்குக்கு மேல் விரைவாக வெப்பத்தைக் கடத்துவதால், அதே அறையில் கிடந்த இரண்டையும் உதட்டில் வைத்து ஒப்பிட்டால் ஸபையர் தெளிவாகக் குளிர்ந்திருக்கும். ஐயமிருந்தால் நகைக்கடைகளில் வைரத்தைச் சோதிக்க வைத்திருக்கும் சூட்டுமுனைக் கருவி உதவும். அதன் முள் மினரல் கண்ணாடியில் அசையாது, ஸபையரில் ஓரளவு ஏறும். கண்ணாடியின்மீது மெல்லிய ஸபையர்ப் படலம் மட்டும் இட்டு, 'ஸபையர் பூச்சு' எனச் சிறிய எழுத்தில் அச்சிட்டு விற்பதும் உண்டு. அடியிலுள்ள கண்ணாடி மிருதுவாயிருப்பதால், படலம் அழுத்தத்தில் நொறுங்கி உள்வாங்கும். இதன் விலையை மினரலின் விலையாகவே மதிக்கவேண்டும்.

நீர் புகாத கடிகாரத்தில் எவ்வகைக் கண்ணாடியை மாற்றினாலும், பழைய அடைப்பு கலைந்துவிடுகிறது. பின்மூடியின் ரப்பர் வாஷரையும் உடன் மாற்றச் சொல்லி, காற்றழுத்தக் கருவியில் சோதித்துத் தரக் கேட்கவேண்டும். அக்கருவி இல்லாத கடையில் மாற்றிய கடிகாரத்தை, டயலில் என்ன எழுதியிருந்தாலும், கை கழுவும்போதும் மழையிலும் கழற்றி வைப்பதே பாதுகாப்பு.